எலக்ட்ரானும் தூசியும்: திசைவேக நிச்சயமின்மைக் கணக்கைத் தடுமாறாமல் போடுவது எப்படி

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள் நோட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். ஒரு எலக்ட்ரானைச் சின்ன இடத்துக்குள் அடைத்தால் அதன் திசைவேகத்தில் எவ்வளவு நிச்சயமின்மை வரும், அதே கேள்வி ஒரு தூசிக்கு என்றால் எவ்வளவு. "மாமா, சூத்திரம் ஒண்ணுதான், ஆனா ரெண்டு விடையும் சம்பந்தமே இல்லாம வருது. எது தப்பு?" என்றாள். அஞ்சு நிமிஷத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று சாயங்காலம் போனது. முதல் நாள் எனக்கு எலக்ட்ரானுக்கு வந்த விடை வினாடிக்கு 10⁻⁷⁴ மீட்டர், அதை அப்படியே நோட்டில் எழுதவும் செய்தேன், அவள்தான் சிரித்தாள். எங்கெங்கே விழுந்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். நீங்கள் விழ வேண்டாம்.

## 1. உட்காரும் முன் கையில் என்ன வேண்டும்

அதிகம் இல்லை. பிளாங்க் மாறிலி h = 6.626 × 10⁻³⁴ J s. எலக்ட்ரானின் நிறை 9.109 × 10⁻³¹ கிலோ. ஒளியின் வேகம் 3 × 10⁸ m/s. இது கணக்குக்கு நேரடியாகத் தேவைப்படாது, விடையைச் சரிபார்க்கத் தேவைப்படும். பத்தின் அடுக்குகளைப் போடக்கூடிய ஒரு சயின்டிஃபிக் கால்குலேட்டர். செலவு என்று பார்த்தால் அந்தக் கால்குலேட்டர்தான், அதுவும் வீட்டில் யாரிடமாவது இருக்கும்.

நேரம்: முதல் முறை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் கணக்குப் போடுவது பத்து நிமிஷம்கூட இருக்காது. மிச்ச நேரமெல்லாம் எந்த எண்ணை எங்கே போடுவது என்று முடிவு செய்வதில் போய்விடும். அடுத்த தடவை ஐந்து நிமிஷம்.

## 2. சூத்திரத்தில் h-ஆ, ħ-ஆ என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

ஒரு துகளின் இடத்தில் உள்ள நிச்சயமின்மை Δx, உந்தத்தில் உள்ள நிச்சயமின்மை Δp. இரண்டின் பெருக்கற்பலன் h/4π-க்குக் கீழே போகாது. சில இடங்களில் இதையே ħ/2 என்று எழுதியிருப்பார்கள். ħ என்பது h-ஐ 2π-ஆல் வகுத்தது, ஆகவே இரண்டும் ஒன்றேதான். வேறு சிலர் மேலோட்டமான மதிப்பீட்டுக்கு ħ என்றும், இன்னும் சிலர் வெறும் h என்றும் போட்டுவிடுவார்கள். h-க்கும் h/4π-க்கும் இடையே 12.57 மடங்கு வித்தியாசம். ஆகவே உங்கள் விடை இன்னொருவர் விடையைவிடச் சுமார் பன்னிரண்டரை மடங்கு அதிகமாகவோ குறைவாகவோ இருந்தால் பதற வேண்டாம், யாரோ 4π-ஐ விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உந்தம் என்பது நிறையும் திசைவேகமும் பெருக்கியது. நிறையில் சந்தேகம் ஏதும் இல்லை, எனவே நிச்சயமின்மை முழுக்கத் திசைவேகத்தின் தலையில்தான் விழும்:

Δv ≥ h / (4π m Δx)

இதில் உள்ள ≥ குறியைச் சமம் என்று வாசிக்காதீர்கள். இது குறைந்தபட்ச அளவு. உண்மையில் Δv இதைவிட எவ்வளவு வேண்டுமானாலும் அதிகமாக இருக்கலாம். இதற்குக் கீழே மட்டும் இறங்க முடியாது. கடைசியில் தூசியிடம் வரும்போது இந்தக் குறி பெரிய வேலை செய்யும்.

இன்னொன்று. இதை நான் பல வருஷமாகத் தப்பாகவே புரிந்துவைத்திருந்தேன்: கருவி சரியில்லாததால் வரும் பிழை இது, நல்ல கருவி வந்தால் குறைந்துவிடும் என்று. அப்படி இல்லை. ஒரே மாதிரி அடைத்துவைத்த ஆயிரம் எலக்ட்ரான்களை எடுத்து, ஒவ்வொன்றின் திசைவேகத்தையும் குறையே இல்லாத கருவியால் அளந்தாலும், ஆயிரம் எண்களும் சிதறித்தான் கிடக்கும். அந்தச் சிதறலின் திட்டவிலக்கம்தான் Δv. Δx-ம் அதே மாதிரி இடத்தின் திட்டவிலக்கம். சராசரி திசைவேகம் சுழியமாக இருக்கலாம், அது வேறு விஷயம்.

## 3. Δx எது என்று முடிவு செய்யுங்கள்

அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். எனக்கும் இரண்டாம் நாள் முழுக்க இதிலேயே போனது.

தூசியின் அளவு 1 மைக்ரோமீட்டர் என்று கொடுத்திருந்தால், கை தானாக Δx = 1 மைக்ரோமீட்டர் என்று எழுதிவிடும். தூசி எவ்வளவு பெரியது என்பதற்கும் Δx-க்கும் சம்பந்தமே இல்லை. Δx என்பது தூசியின் நிறை மையம் எங்கே இருக்கிறது என்பதில் உள்ள தளர்வு. லாரி பத்து மீட்டர் நீளம் என்பதற்காக அது நிற்கும் இடம் பத்து மீட்டர் சந்தேகத்துக்கு உரியது ஆகிவிடாது, பின்சக்கரம் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று சென்டிமீட்டர் கணக்கில் சொல்லலாம். அப்படியே 1 மைக்ரோமீட்டர் தூசியின் மையத்தை அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நுட்பத்தில் குறிக்கக் கொள்கையளவில் எந்தத் தடையும் இல்லை. எனவே கேள்வியில் 'எவ்வளவு இடத்துக்குள் அடைபட்டிருக்கிறது' என்று தனியாக ஒரு அளவு கொடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இல்லையென்றால் நீங்களே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை எழுதியும் வையுங்கள்.

அடுத்த பொறி, பெட்டியின் நீளம். துகள் L நீளமுள்ள பெட்டிக்குள் இருக்கிறது என்றால் Δx = L என்று போடுவது வழக்கம். முதல் மதிப்பீட்டுக்குப் பரவாயில்லை, நானும் கீழே அப்படித்தான் போடப்போகிறேன். ஆனால் உண்மையான திட்டவிலக்கம் அதைவிடச் சின்னது. துகள் பெட்டியின் சுவர்களை ஒட்டியே நிற்காது, மிகக் குறைந்த ஆற்றல் நிலையில் நடுவில்தான் அதிகம் இருக்கும், அப்போது Δx சுமார் 0.18 L. அந்த நிலைக்குச் சரியாகக் கணக்கிட்டால் Δv கிட்டத்தட்ட ஆறு மடங்கு கூடுதலாக வரும். Δx = L என்று போட்டு வரும் விடை பொய்யில்லை, குறைந்தபட்ச எல்லை கொஞ்சம் தாராளமாகக் கீழே விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விடையில் முதல் இலக்கத்தைப் பற்றிச் சண்டை போடாமல் பத்தின் அடுக்கை மட்டும் நம்புங்கள்.

## 4. தூசிக்கு நிறை கண்டுபிடியுங்கள்

எலக்ட்ரானுக்கு நிறை அட்டவணையில் இருக்கிறது. தூசிக்கு அட்டவணை ஏது? விட்டத்திலிருந்து நாமே போட வேண்டியதுதான்.

1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை என்று வையுங்கள். காற்றுத் தரத்தைப் பற்றிப் பேசும்போது பி.எம். 2.5 என்கிறார்களே, அது 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்ட துகள்களைக் குறிக்கிறது. நம் தூசி அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது, கண்ணுக்குத் தெரியாது. உருண்டையின் கன அளவு π/6 × விட்டம்³, அதாவது 5.2 × 10⁻¹⁹ கன மீட்டர். அடர்த்தியைத் தண்ணீரைப் போல இரண்டு மடங்கு, கன மீட்டருக்கு 2000 கிலோ என்று எடுத்தால் நிறை ஏறக்குறைய 10⁻¹⁵ கிலோ. இதற்கு மேல் நுணுக்கம் வேண்டாம், தூசி என்ன தங்கமா.

இரண்டு எச்சரிக்கை. விட்டத்தை ஆரம் என்று நினைத்துவிட்டால் நிறை எட்டு மடங்கு ஏறிவிடும், கன அளவு மூன்றாம் அடுக்கில் போவதால். அப்புறம் அலகு. கிராமையோ மில்லிகிராமையோ அப்படியே சூத்திரத்தில் போடாதீர்கள். 1 மில்லிகிராம் என்பது 10⁻⁶ கிலோ, 10⁻³ இல்லை. சில பயிற்சிக் கணக்குகளில் 'தூசி, நிறை 1 மில்லிகிராம்' என்று கொடுக்கிறார்கள். போட்டுப் பார்த்தால் அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டர் பக்கம் வருகிறது. அது தூசியா? பெருமணல்.

## 5. எலக்ட்ரானுக்குப் போடுங்கள்

Δx-க்கு ஒரு அணுவின் அளவை எடுத்துக்கொள்வோம், 10⁻¹⁰ மீட்டர்.

கால்குலேட்டரில் தட்டும் முன் அடைப்புக்குறியைக் கவனியுங்கள். நான் முதல் நாள் தட்டியது இப்படி: 6.626E-34 / 4 × 3.14 × 9.109E-31 × 1E-10. பார்க்க சூத்திரம் மாதிரியே இருக்கிறது. ஆனால் கால்குலேட்டர் 4-ஆல் மட்டும் வகுத்துவிட்டு மிச்சம் மூன்றையும் பெருக்கிவிட்டது. அப்படி வந்ததுதான் அந்த 10⁻⁷⁴. கீழே இருக்கவேண்டிய எல்லாவற்றையும் ஒரே அடைப்புக்குறிக்குள் போடுங்கள், அல்லது கீழ்ப்பகுதியைத் தனியாகப் பெருக்கி எழுதிக்கொண்டு பிறகு வகுங்கள். பைத்தான் தெரிந்தவர்களுக்கு இவ்வளவு போதும்:

```
from math import pi
h = 6.626e-34

def dv(m, dx):
    return h / (4 * pi * m * dx)

print(dv(9.109e-31, 1e-10))
print(dv(1e-15, 1e-6))
```

முதல் வரியில் வருவது ஏறக்குறைய 5.8 × 10⁵. அதாவது வினாடிக்கு 5.8 லட்சம் மீட்டர், 580 கிலோமீட்டர். சென்னையிலிருந்து மதுரையைத் தாண்டிப் போகும் தூரம், ஒரு வினாடியில்.

எலக்ட்ரானுக்கு h/4πm என்ற பகுதி எப்போதும் மாறாது, 5.8 × 10⁻⁵. அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் Δx-ஆல் வகுத்துவிடலாம், கால்குலேட்டரே வேண்டாம். அக்கா மகள் இதை நோட்டின் அட்டையில் எழுதி வைத்துக்கொண்டாள்.

விடை சரியா என்று பார்க்க ஒரு வழி. இந்த வேகத்துக்கு இயக்க ஆற்றல் போட்டுப் பாருங்கள், ½mv². கிட்டத்தட்ட 1 எலக்ட்ரான்-வோல்ட் வருகிறது. அணுவில் வெளிப்பக்கம் இருக்கும் எலக்ட்ரான்களின் ஆற்றல்கள் சில எலக்ட்ரான்-வோல்ட் அளவில்தான் இருக்கும். டார்ச் பேட்டரி 1.5 வோல்ட் என்பதற்கும் இந்த அளவுக்கும் உறவு உண்டு, இரண்டிலும் வேலை செய்வது அணுவின் ஓரத்து எலக்ட்ரான்கள்தானே. ஆயிரக்கணக்கில் எலக்ட்ரான்-வோல்ட் வந்திருந்தால் எங்கோ அடுக்கு தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

## 6. தூசிக்குப் போடுங்கள்

தூசியின் மையம் 1 மைக்ரோமீட்டர் இடத்துக்குள் இருக்கிறது என்று வைப்போம், Δx = 10⁻⁶ மீட்டர். (தூசியின் விட்டமும் இதேதான் என்பது தற்செயல். மூன்றாம் படியை மறந்துவிடாதீர்கள்.) நிரலின் இரண்டாவது வரி தரும் விடை 5.3 × 10⁻¹⁴ m/s.

இந்த எண்ணைப் பார்த்தால் மனதில் ஒன்றும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை. அதனால் ஒரு வருஷத்துக்குப் பெருக்கிப் பார்த்தேன். வருஷத்துக்கு 3.15 கோடி வினாடி, ஆகவே 1.7 மைக்ரோமீட்டர். எதுவும் தொடாமல், எதுவும் மோதாமல் அந்தத் தூசியை விட்டுவைத்தால், வருஷம் முழுக்கச் சேர்ந்து தன் உடம்பைவிடக் கொஞ்சம் அதிக தூரம் தளர்ந்திருக்கும்.

"ஆனா மாமா, எலக்ட்ரானுக்கு 10⁻¹⁰ போட்டுட்டு தூசிக்கு மட்டும் 10⁻⁶ போட்டா எப்படி ஒப்பிடறது?" என்று கேட்டாள். கேட்கவேண்டிய கேள்விதான், நான் கவனிக்கவே இல்லை. இரண்டையும் மாற்றினால் எது எந்த வித்தியாசத்தைத் தந்தது என்று தெரியாது. ஆகவே ஒரே இடத்தில் வையுங்கள். தூசிக்கும் Δx = 10⁻¹⁰ என்றால் Δv = 5.3 × 10⁻¹⁰ m/s, வினாடிக்கு அரை நானோமீட்டர். எலக்ட்ரானுக்கு 5.8 லட்சம் மீட்டர். இரண்டுக்கும் இடையே சுமார் 10¹⁵ மடங்கு, அது அப்படியே நிறைகளின் விகிதம். வேறெந்த ரகசியமும் இல்லை. எலக்ட்ரானுக்கு ஒரு விதி, தூசிக்கு ஒரு விதி என்றெல்லாம் கிடையாது, அவள் நோட்டில் இருந்த இரண்டு விடைகளும் சரிதான்.

## 7. எதோடு ஒப்பிடுவது என்று கேளுங்கள்

பெரும்பாலான பேர் ஆறாம் படியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒன்று பெரிய எண், ஒன்று சின்ன எண், அதனால் தூசிக்கு நிச்சயமின்மை கவலை இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். இது பாதிதான். பெரிது சிறிது என்பது, அந்தப் பொருள் ஏற்கெனவே என்ன வேகத்தில் போகிறது என்பதைப் பொறுத்தது.

ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரானின் வேகம் வினாடிக்கு 22 லட்சம் மீட்டர் அளவில் இருக்கும். நமக்கு வந்த குறைந்தபட்ச நிச்சயமின்மை 5.8 லட்சம். அதாவது வேகத்தின் கால் பங்குக்கு மேல், குறைந்தபட்சமே. வேகமும் அதன் தளர்வும் இப்படித் தோளோடு தோள் நிற்கும்போது, எலக்ட்ரான் இன்ன பாதையில் இன்ன வேகத்தில் சுற்றுகிறது என்று கோடு போட்டுக் காட்டுவதில் பொருள் இல்லை.

தூசிக்கு வாருங்கள். அறை வெப்பநிலையில் காற்று மூலக்கூறுகள் அதை எல்லாப் பக்கமும் இடித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த வெப்ப அலைச்சலின் வேகம் ஒரு திசையில் √(kT/m). k என்பது போல்ட்ஸ்மன் மாறிலி 1.38 × 10⁻²³, T என்பது 300 கெல்வின். போட்டால் வினாடிக்கு 2 மில்லிமீட்டர். குவாண்டம் தளர்வோ 5.3 × 10⁻¹⁴ மீட்டர். வெப்பம் தரும் தளர்வு நாலாயிரம் கோடி மடங்கு பெரிது. இரண்டாம் படியில் சொன்ன ≥ குறி இங்கே வேலை செய்கிறது: தூசியின் உண்மையான Δv மில்லிமீட்டர் கணக்கில்தான் இருக்கிறது, விதி சொல்லும் எல்லை எங்கோ பாதாளத்தில் கிடக்கிறது.

இதிலிருந்து பிறக்கும் பொறி: வெயில் கீற்றில் தூசி ஆடுவதைக் காட்டி "பார், நிச்சயமின்மை" என்று சொல்பவர்கள் உண்டு. அது காற்றோட்டம், இன்னும் நுண்ணிய துகளாக இருந்தால் பிரௌனியன் இயக்கம். காற்றை எடுத்துவிட்டால் நின்றுவிடும் ஆட்டத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எதிர்ப்பக்கமும் ஒரு பொறி இருக்கிறது. எலக்ட்ரான் என்றாலே எப்போதும் நிச்சயமின்மை பெரிதாக இருக்கும் என்று நினைப்பது. பழைய குண்டு டிவியின் படக்குழாயை எடுத்துக்கொள்ளுங்கள். 20,000 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான் வினாடிக்கு 8 கோடி மீட்டர் வேகத்தில் திரையை நோக்கிப் போகும். கற்றையின் அகலம் 0.1 மில்லிமீட்டர் என்று வைத்தால், பக்கவாட்டில் Δv = 5.8 × 10⁻⁵ ÷ 10⁻⁴, வினாடிக்கு 0.58 மீட்டர். நாம் சாவகாசமாக நடப்பதைவிட மெதுவு. அரை மீட்டர் தூரம் கடக்க 6 நானோவினாடி ஆகும், அதற்குள் பக்கவாட்டில் விலகுவது 4 நானோமீட்டருக்கும் குறைவு. திரையில் உள்ள புள்ளியோ மில்லிமீட்டரின் சில பத்தில் ஒரு பங்கு. அதனால்தான் அந்த டிவியை வடிவமைத்தவர்கள் எலக்ட்ரானை ஒரு சின்னக் குண்டு மாதிரி பாவித்துக் கணக்குப் போட முடிந்தது. அதே எலக்ட்ரான்தான், அடைத்த இடம் பத்து லட்சம் மடங்கு பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

## 8. ஒளிவேகத்தைத் தாண்டினால் நிறுத்துங்கள்

அணுக்கருவுக்குள் எலக்ட்ரானை அடைத்தால் என்ன ஆகும் என்பது அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. Δx = 10⁻¹⁴ மீட்டர். மளமளவென்று போட்டால் 5.8 × 10⁹ m/s வரும். ஒளியைவிட 19 மடங்கு வேகம். இதை விடை என்று எழுதினால் மார்க் போய்விடும், எழுதாமல் விட்டாலும் போய்விடும்.

தப்பு நிச்சயமின்மை விதியில் இல்லை. உந்தம் = நிறை × திசைவேகம் என்று நாம் மாற்றியதில்தான் இருக்கிறது, அது மெதுவான துகள்களுக்கு மட்டும் பொருந்தும். ஆகவே Δv-ஐ விட்டுவிட்டு Δp-யோடு நில்லுங்கள். Δp = h / (4πΔx) = 5.3 × 10⁻²¹ kg m/s. இதை c-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 10 MeV, அதாவது 1 கோடி எலக்ட்ரான்-வோல்ட். எலக்ட்ரானின் ஓய்வு ஆற்றலே 0.511 MeV-தான். அப்படிப்பட்ட எலக்ட்ரான் ஒளிவேகத்தில் 99.9 சதவீதத்தில் போகும், அதைத் தாண்டாது. அணுவின் ஓரத்தில் 1 எலக்ட்ரான்-வோல்ட்டாக இருந்தது, இடத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகச் சுருக்கியதும் கோடிக்குப் போய்விட்டது.

எப்போது இந்த மாற்றுவழி வேண்டும் என்று எப்படித் தெரியும்? வரும் Δv, ஒளிவேகத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் உஷாராகிவிடுங்கள். எலக்ட்ரானுக்கு அது Δx சுமார் 2 × 10⁻¹² மீட்டருக்குக் கீழே போகும்போது நடக்கும். தூசிக்கு இந்தக் கவலை வரவே வராது.

## 9. தூசியிடமே பார்க்க வேண்டுமானால்

வெப்பம்தான் மறைக்கிறது என்றால் வெப்பத்தை எடுத்துவிட்டால் தூசியிலும் தெரிய வேண்டுமே என்று நீங்கள் கேட்கலாம். தெரியும், செய்தும் பார்த்துவிட்டார்கள். 2020-இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் 143 நானோமீட்டர் விட்டமுள்ள ஒரு சிலிக்கா உருண்டையை, வெற்றிடத்தில் லேசர் ஒளியால் மிதக்கவைத்து, அதன் ஆட்டத்தை ஒரு திசையில் 12 மைக்ரோகெல்வின் அளவுக்குக் குளிர்வித்தார்கள். உருண்டையைச் சுற்றி இருந்த கருவிகள் எல்லாம் அறை வெப்பநிலையில்தான் இருந்தன, குளிர்ந்தது அந்த ஒரு ஆட்டம் மட்டும். நம் தூசியைவிடச் சின்னதுதான், ஆனாலும் அதில் 8 கோடிக்கு மேல் அணுக்கள் இருக்கின்றன.

மேலே சொன்ன படிகளை வைத்து இதைப் போட்டுப் பார்க்கலாம். நாலாம் படிப்படி நிறை 2.8 × 10⁻¹⁸ கிலோ (அடர்த்தி 1850 என்று எடுத்தேன்). மூன்றாம் படி: Δx உருண்டையின் விட்டம் அல்ல, மையத்தின் தளர்வு. லேசர் பொறியில் அது வினாடிக்கு சுமார் 3 லட்சம் தடவை ஆடுகிறது, அந்த ஆட்டத்தின் மிகத் தாழ்ந்த நிலையில் மையம் தளரும் அளவு 3 பிக்கோமீட்டர், 3.1 × 10⁻¹² மீட்டர். ஒரு அணுவின் விட்டத்தைவிடவே பல மடங்கு சின்னது. இரண்டையும் சூத்திரத்தில் போட்டால் Δv = 6 × 10⁻⁶ m/s, வினாடிக்கு 6 மைக்ரோமீட்டர்.

ஏழாம் படி: எதோடு ஒப்பிட? அறை வெப்பநிலையில் இதே உருண்டையின் வெப்ப வேகம் வினாடிக்கு 3.8 சென்டிமீட்டர், ஆறாயிரம் மடங்குக்கு மேல். 12 மைக்ரோகெல்வினில் √(kT/m) போட்டால் வினாடிக்கு 8 மைக்ரோமீட்டர் பக்கம் வருகிறது, குவாண்டம் தளர்வு 6 மைக்ரோமீட்டர். இரண்டும் ஒரே அளவுக்கு வந்து நிற்கின்றன. (இவ்வளவு நெருங்கிவிட்ட பிறகு √(kT/m) என்ற பழைய சூத்திரத்தையே முழுசாக நம்பக்கூடாது. ஒப்பீட்டுக்குப் போதும்.)

மூன்றாம் நாள் ராத்திரி இந்த இரண்டு எண்களும் அருகருகே வந்ததும் அக்கா மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நோட்டை வாங்கி நான் போட்ட நிறையை ஒருமுறை திரும்பப் போட்டுப் பார்த்தாள், விட்டத்தை ஆரமாக எடுத்துவிட்டேனோ என்று.